எண்முறைக் கணிப்பு, முதல் வகுப்பு: விடையில் ஏன் வழு வருகிறது, ஒருங்கியதை எப்படி அறிவது

ஹற்றன், சனிக்கிழமை காலை, இரண்டு மணித்தியாலம். வருபவர்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்கள், வகையீடும் தொகையீடும் தெரியும், பைத்தன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து சேரக் கொஞ்சம் பிந்தும், அதனால் முதல் பத்து நிமிடத்தில் புதிதாக எதுவும் சொல்வதில்லை, இதை மட்டும் திரையில் ஓட விடுவது:

```python
print(0.1 + 0.2)
# 0.30000000000000004
```

இது கணினியின் கோளாறா என்று கேட்க வேண்டும். யாராவது ஆமாம் என்பார்கள். உடனே திருத்த வேண்டாம், எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

முதல் பகுதி: கொழுந்து நிறுவை (25 நிமிடம்)

எல்லாருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். கொழுந்து மடுவத்தில் தராசு 6.7 என்று காட்டுகிறது, புத்தகத்தில் 6 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, மாதத்தில் 25 நாள், மொத்தம் 75 தடவை. ஒவ்வொரு தடவையும் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போனால் மாதக் கடைசியில் சுமார் 35 கிலோ காணாமல் போயிருக்கும். அதே 75 நிறுவையை முறையாக மட்டந்தட்டியிருந்தால், அதாவது 6.7ஐ 7 என்றும் 6.2ஐ 6 என்றும் எழுதியிருந்தால், கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மொத்த வித்தியாசம் பெரும்பாலும் 5 கிலோவுக்குள் நிற்கும். இதைப் பிள்ளைகளே கணக்கிடட்டும், பதிலை நான் சொல்லக் கூடாது. பல வீடுகளில் இது சாப்பாட்டுக் கணக்கு, அவசரப்படாமல் பேச விட வேண்டும். அவர்கள் பிடிக்க வேண்டிய விஷயம்: ஒரே பக்கம் சாயும் சின்ன வழு, தடவைகள் கூடக் கூட நேர்கோட்டில் வளர்கிறது, இரண்டு பக்கமும் சிதறும் வழு அவ்வளவு வேகமாக வளராது.

இங்கிருந்து 0.1க்குத் திரும்பலாம். பத்தில் ஒன்றைத் துவித எண்ணாக எழுதினால் முடிவே இல்லை, மூன்றில் ஒன்று தசமத்தில் 0.333... என்று ஓடுவது போலத்தான். கணினியிடம் இருப்பது 53 துவித இலக்கம், அதற்கு மேல் மட்டந்தட்டித்தான் ஆக வேண்டும். 1க்குப் பக்கத்தில் அடுத்த எண் சுமார் 2.2 × 10⁻¹⁶ தள்ளி இருக்கிறது, இடையில் எதுவும் இல்லை. ஆகவே கோளாறு இல்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

1991 பெப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு செக்கன் கணக்கில் எண்ணியது, அந்த 0.1ஐ 24 துவித இலக்கத்தோடு வெட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் வழு ஏறத்தாழ 0.000000095 செக்கன். 100 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியதில் அது 0.34 செக்கனாகச் சேர்ந்துவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும், அமைப்பு தப்பான இடத்தில் தேடியது, 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் முழுதாகச் செய்து காட்ட வேண்டும்: 0.000000095 × 100 × 3600 × 10. ஒரே பக்கம் வெட்டியதன் விளைவு இங்கேயும் அதேதான்.

இரண்டாம் பகுதி: இரண்டு வழுவும் எதிரெதிராக இழுப்பது (25 நிமிடம்)

மட்டந்தட்டல் ஒரு வகை. இன்னொன்று துண்டிப்பு வழு: எல்லைவரை போக வேண்டிய கணக்கை நாம் பாதியில் நிறுத்துவதால் வருவது, கணினி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் வரும். அளவீட்டில் வரும் வழுவையும், சமன்பாடே நிலைமைக்குப் பொருந்தாமல் இருப்பதையும் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், இன்று அதற்கு நேரமில்லை.

```python
import math
for k in range(1, 17):
    h = 10**-k
    d = (math.sin(1 + h) - math.sin(1)) / h
    print(k, abs(d - math.cos(1)))
```

ஓட்டுவதற்கு முன் ஊகிக்கச் சொல்ல வேண்டும். h சிறிதானால் விடை நல்லாகும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், உயர்தரத்தில் படித்தது அதுதானே. முதல் வரியில் வழு 0.04 அளவு, பிறகு ஒவ்வொரு வரியிலும் பத்திலொன்றாகக் குறைகிறது, k = 8 வாக்கில் மிகச் சிறிது, அப்புறம் ஏறத் தொடங்குகிறது, கடைசி வரியில் 0.54! ஏன்? 1 + 10⁻¹⁶ என்பது கணினிக்கு 1தான், மேலே கழித்தால் பூச்சியம், வகையீடும் பூச்சியம். அதற்கு முன்பும், ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது நல்ல இலக்கங்கள் அழிந்து குப்பை மிஞ்சுகிறது, அதைச் சிறிய h ஆல் வகுத்தால் குப்பை பெரிதாகிறது. இங்கே நின்று கேள்வி வாங்க வேண்டும், இன்றைய வகுப்பில் கடினமான இடம் இதுதான்.

இடைவேளை 10 நிமிடம், தேநீர்.

மூன்றாம் பகுதி: ஒருங்கியதா? (மீதி நேரம் முழுவதும்)

முதலில் பொறி. 1 + 1/2 + 1/3 + ... என்று கூட்டிக்கொண்டே போய், புதிய உறுப்பு 0.000001 ஆனதும் நிறுத்தினால் விடை 14.3927. மாற்றம் மிகச் சிறியது, ஆகவே ஒருங்கிவிட்டது, அதாவது ஓர் எல்லையை நெருங்கிவிட்டது என்று எழுதலாமா? இன்னும் பத்து இலட்சம் உறுப்பைக் கூட்டினால் 0.69 ஏறுகிறது, இந்தத் தொடருக்கு எல்லையே இல்லை. எண் அசையாமல் நிற்பது போலத் தெரிவது ஆதாரமாகாது. மாற்றம் எந்த வேகத்தில் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

பிறகு e^x ஐ 0 முதல் 1 வரை சரிவக விதியால் தொகையிடுவது, அதாவது வரைபின் கீழுள்ள பரப்பை n சம அகலத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சரிவகமாக எடுத்துக் கூட்டுவது. கையாலேயே செய்யலாம், கல்குலேட்டர் போதும்:

```
n = 1   1.859141
n = 2   1.753931
n = 4   1.727222
n = 8   1.720519
```

உண்மை விடை e − 1 என்பதை மறைத்துவிட வேண்டும், நிஜக் கணக்கில் அது யாரிடமும் இருக்காது. அடுத்தடுத்த வித்தியாசங்கள் 0.105210, 0.026709, 0.006703. ஒன்றை அடுத்ததால் வகுத்தால் 3.94, 3.98. துண்டு அகலம் பாதியாகும்போது வழு நாலிலொன்றாகிறது, சரிவக விதி தர வேண்டியது அதுதான், ஆகவே இந்த எண்களை நம்பலாம். மிஞ்சியிருக்கும் வழுவையும் ஊகிக்கலாம்: வழுவில் முக்கால் பங்கு போய்க் கால் பங்கு மிஞ்சுகிறது, போன முக்கால்தான் கடைசி வித்தியாசம், ஆகவே மிஞ்சியது அதன் மூன்றிலொன்று, 0.002234. இப்போது மறைத்ததைத் திறந்தால் உண்மையான வழு 0.002237. இந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் வியக்கும், வியக்க விட வேண்டும். விடை தெரியாமலேயே விடையின் வழுவைச் சொல்ல முடிகிறது என்பது எண்முறைக் கணிப்பின் பெரிய அழகு.

விகிதம் 4ஐ நெருங்காவிட்டால் மூன்றில் ஒன்றாக்கி எழுதும் உரிமை கிடையாது. ஒன்று துண்டுகள் இன்னும் பெரிது, அல்லது சார்பில் எங்கோ கூர்மை இருக்கிறது, அல்லது நிரலில் பிழை. n மிகப் பெரிதாகி விகிதம் தாறுமாறாகத் துள்ளினால், இரண்டாம் பகுதியில் பார்த்த மட்டந்தட்டல் வந்துவிட்டது, அதற்கு மேல் துண்டாக்குவது வீண்.

இனிமேல் இந்த வகுப்பில் தரும் எந்த எண் விடைக்கும் பக்கத்தில் வழுவின் மதிப்பீடு எழுத வேண்டும். எழுதாத விடைக்கு பாதிப் புள்ளிதான், இதை இன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வேலை: அதே விதியால் √x ஐ 0 முதல் 1 வரை, n = 1, 2, 4, 8, 16. விகிதம் 4 வராது, 3க்குக் கீழேயே நிற்கும். ஏன் என்று 0க்குப் பக்கத்தில் வரைபைப் பார்த்து இரண்டு வரி எழுதி வர வேண்டும், அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து தொடங்குகிறோம்.