பொருள்: அறுவை சிகிச்சைக்காக 12.11.2025 முதல் 23.12.2025 வரை மருத்துவ விடுப்பு வேண்டுதல்

திருப்பூர்
22.10.2025

அனுப்புநர்:
சு. மாலதி,
முதுநிலைக் கணக்கர்

பெறுநர்:
மேலாளர்,
கணக்குப் பிரிவு

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். எனக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. நவம்பர் 12, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன், மறுநாள் ஆப்பரேஷன். அதன்பின் வீட்டில் ஓய்வும் சேர்த்து மொத்தம் 6 வாரம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 24 காலை வேலைக்கு வந்துவிடுவேன்.

தீபாவளிக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். போனஸ் கணக்கு முடியட்டும் என்றுதான் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். இது இன்றைக்கே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் ஆண்டு முடியும் வரை தள்ளிப்போடவும் கூடாது. கேட்டதில் 12-ஆம் தேதி கிடைத்தது. 11-ஆம் தேதி GSTR-1 கெடு தாண்டிவிடும் என்பதால் சரி என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரின் சான்றிதழை இணைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை, ஓய்வு நாட்கள் என்ற அளவில்தான் அதில் எழுதியிருக்கிறது. மேலே அச்சிட்ட பெயரைப் பார்த்தாலே மகளிர் மருத்துவமனை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் விவரம் எழுத எனக்கு விருப்பமில்லை, தவறாக நினைக்க வேண்டாம். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் நோயின் பெயரை எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தப் படிவத்தை ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்டரிலேயே நேராகக் கொடுத்துவிடுகிறேன். அது நம் பிரிவு வழியாகப் போகத் தேவையில்லை என்று எச்.ஆரில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் அட்டை எண் மட்டும் அவர்களிடம் இருந்தால் போதுமாம்.

விடுப்புக் கணக்கு: ஞாயிறுகள் 6 போக, வேலை நாட்கள் 36. நோய் விடுப்பில் 11 நாளும் ஈட்டிய விடுப்பில் 22 நாளும் என் கணக்கில் இருக்கின்றன. மீதி 3 நாளைச் சம்பளம் இல்லா விடுப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி வேலை. அக்டோபர் மாத GSTR-1-ஐ நவம்பர் 10-ஆம் தேதியே தாக்கல் செய்ய எல்லாம் தயாராக வைத்துவிடுவேன். GSTR-2B 14-ஆம் தேதி வரும், அப்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். அதைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு 20-ஆம் தேதிக்குள் GSTR-3B போடும் வேலையைச் செல்வி பார்த்துக்கொள்வார். போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே ஒரு முறை முழுதாகச் செய்துவிட்டார். சாயப்பட்டறை பில்களில்தான் அவருக்குத் தடுமாற்றம், அதற்கு மட்டும் தனியாக ஒரு நோட்டுப் போட்டுத் தருகிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிரபுவிடம். டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை என்பதால், டி.டி.எஸ். பணத்தை 5-ஆம் தேதியே கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் உடனே ஒரு கையெழுத்து வேண்டும். பேங்க் பேமென்ட் போடும் அனுமதி என் ஐ.டி.யில் மட்டும்தான் இருக்கிறது. ஓ.டி.பி.யும் என் செல்லுக்கே வருகிறது. ஆப்பரேஷன் அன்று யாராவது ஓ.டி.பி. கேட்டு போன் செய்தால் என் கணவர்தான் எடுப்பார், பாவம், அவருக்கு ஒன்றும் புரியாது. பிரபுவுக்கு அந்த அனுமதியைக் கொடுக்கும் படிவத்தை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். போன தடவை பேங்கில் இதற்கு 10 நாள் ஆக்கினார்கள், அதனால் இந்த வாரமே அனுப்பிவிட்டால் நல்லது.

ஆண்டுக் கணக்கான GSTR-9-க்கு டிசம்பர் 31 கடைசி நாள். ஒப்பீட்டு வேலையை நவம்பர் 8-ஆம் தேதிக்குள் முடித்துவிடுவேன், சரிபார்த்துத் தாக்கல் செய்வதை வந்து பார்த்துக்கொள்கிறேன். முதல் 3 வாரம் போனில் என்னை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் ஏதாவது சந்தேகம் இருந்தால் செல்வி ஒரு மெசேஜ் போடட்டும், முடிந்தபோது பதில் சொல்கிறேன். திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் கனமானதைத் தூக்கக் கூடாதாம். பரண்மேல் இருக்கும் பழைய ஃபைல் கட்டுகளை இறக்க மட்டும் ஓர் ஆள் துணை வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் "மாலதி மருத்துவ விடுப்பில் இருக்கிறார், டிசம்பர் 24 வருவார்" என்று மட்டும் போடுங்கள். யாராவது துருவிக் கேட்டால் "ஒரு ஆப்பரேஷன், நன்றாக இருக்கிறார்" என்பது போதும். நம் ஆட்கள் பாசக்காரர்கள், ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வண்டி பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு வருவதானால் டிசம்பரில் வரட்டும், ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

விடுப்பை அனுமதித்து இந்த வார இறுதிக்குள் தெரிவித்தால், ஆஸ்பத்திரியில் தேதியை உறுதிசெய்துவிடுவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. மாலதி

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ் நகல்