எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
இரா. மாதவி, பி.காம். (கணினிப் பயன்பாடு)
எம்.ஐ.எஸ். உதவியாளர்

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்

பொருள்: எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனை, இருப்பு, வசூல் ஆகிய மூன்றுக்கும் வார, மாத அறிக்கைகளைத் தயாரிக்க ஆள் தேவை என்ற தங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். வீட்டு உபயோகப் பொருள்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக இதே வேலையைத்தான் செய்து வருகிறேன். என் பணி விவரங்கள் தன்விவரக் குறிப்பில் உள்ளன. அந்த வேலையை நான் எப்படிச் செய்கிறேன் என்பதை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

வார அறிக்கை திங்கட்கிழமை காலை விற்பனைக் கூட்டத்துக்கு முன் மேலாளர்களின் கையில் இருக்க வேண்டும். அதற்கான தரவு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: பில்லிங் மென்பொருளின் தரவுத்தளம், கிடங்கின் இருப்புத் தாள், கிளைகள் மின்னஞ்சலில் அனுப்பும் வசூல் தாள்கள். நான் சேர்ந்தபோது இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது கிளைத் தாள்கள் ஒரே கோப்புறையில் வந்து சேர்கின்றன. பவர் கொயரி அவற்றை இணைத்துவிடுகிறது. பிவட் டேபிளைப் புதுப்பித்தால் அறிக்கையின் எலும்புக்கூடு தயார்.

ஆனால் கூட்டல் கழித்தல் இந்த வேலையில் சிறு பகுதிதான். தரவைச் சுத்தம் செய்வதில்தான் பொறுமை செலவாகிறது. சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் 007 என்ற கிளைக் குறியீடு 7 ஆகிவிடும். அதன்பின் அந்தக் கிளை எந்தப் பட்டியலோடும் பொருந்தாது. அதனால் குறியீட்டுப் பத்திகளை எப்போதும் உரையாகவே இறக்குமதி செய்கிறேன். வாடிக்கையாளர் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடத்தை `TRIM` நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயரில் வரும் `CHAR(160)` வெற்றிடத்தை அது தொடாது, அதற்குத் தனியாக `SUBSTITUTE` வேண்டும். `VLOOKUP` சூத்திரத்தின் நான்காவது மதிப்பை விட்டுவிட்டால், அது தோராயப் பொருத்தத்தை எடுத்துக்கொண்டு வேறொரு பொருளின் விலையைச் சத்தமில்லாமல் தந்துவிடும். `#N/A` என்று காட்டும் கட்டத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது தானே கையைத் தூக்குகிறது. சரியானது போலவே தோன்றும் தவறான எண்ணைத் தேடித்தான் நேரம் ஒதுக்குகிறேன்.

மாத அறிக்கையை மூன்றாவது வேலை நாளுக்குள் முடித்துத் தருகிறேன். இதில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட விரும்புகிறேன். எங்கள் மாத விற்பனை எண் கணக்குப் பிரிவின் பேரேட்டை விட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருந்துவந்தது. திரும்பி வந்த சரக்கால் ஏற்படும் வித்தியாசம் என்று எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள். வார அறிக்கையில் மட்டும் அந்தக் குறை இல்லை என்பது எனக்கு உறுத்தியது. நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதத்தின் கடைசி நாள் முழுவதுமாக விடுபட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த வினவலில் இருந்த வரி இதுதான்:

```sql
WHERE bill_time BETWEEN '2024-03-01' AND '2024-03-31'
```

`bill_time` பத்தியில் தேதியோடு நேரமும் இருப்பதால், 31 என்பது அன்று நள்ளிரவு 00:00 மணியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அன்று போட்ட பில் ஒன்றுகூடக் கணக்கில் வராது. இலக்கை எட்டும் அவசரத்தில் அதிகம் பில் போடும் நாளும் அதுவே. இப்படி மாற்றினேன்:

```sql
WHERE bill_time >= '2024-03-01'
  AND bill_time <  '2024-04-01'
```

அடுத்த மாதம் முதல் இரு பிரிவுகளின் எண்களும் ஒன்றாகவே வந்தன.

வார எண்களைக் கூட்டினால் மாத எண் வராது என்பது இன்னொரு நிரந்தரக் குழப்பம். ஒரு வாரம் இரண்டு மாதங்களில் விழும்போது அப்படித்தான் ஆகும். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் விளக்குவதை விட வழி செய்வது மேல் என்று தோன்றியது. இரண்டு அறிக்கைகளையும் ஒரே நாள்வாரி அட்டவணையிலிருந்து எடுக்கிறேன். வார அறிக்கையின் கீழே ‘இம்மாதம் இதுவரை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கேள்வி நின்றுவிட்டது.

வசூல் அறிக்கையில் வேறு வகைச் சிக்கல். ஒரு பில்லுக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்திருந்தால், பில் அட்டவணையை ரசீது அட்டவணையோடு நேரடியாக இணைக்கும்போது அந்தப் பில் இரண்டு வரிகளாகி விற்பனைத் தொகை இரட்டிக்கும். அதனால் ரசீதுகளை முதலில் பில் எண்வாரியாக `GROUP BY` செய்து கூட்டிவிட்டு, அதன்பிறகே `LEFT JOIN` செய்கிறேன். பணமே வராத பில்களும் இதில் விடுபடாது; நிலுவைப் பட்டியலில் முதலில் தெரிய வேண்டியவை அவைதாமே. நிலுவை நாள்களைப் பில் தேதியிலிருந்து எண்ணுகிறோமா, கெடு தேதியிலிருந்து எண்ணுகிறோமா என்பதையும் அறிக்கையின் அடியில் எழுதிவைப்பேன்.

ஒவ்வொரு கோப்பிலும் சரிபார்ப்புக்கு ஒரு தாள் உண்டு. மூலத் தரவின் வரிசை எண்ணிக்கை, மொத்தத் தொகை, வரித் தொகை ஒரு பக்கம், அறிக்கையில் வந்தவை மறுபக்கம், நடுவில் வித்தியாசம். அது பூஜ்யமாக இல்லாமல் எந்த அறிக்கையையும் நான் அனுப்புவதில்லை. தாமதமாகும் என்றால் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

அறிக்கையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கைபேசியில், கூட்டத்துக்குப் போகும் வழியில்தான் படிக்கிறார்கள். ஆகவே முதல் பக்கத்தில் ஒரு சில எண்களும், சென்ற வாரத்தை விட எது மாறியது என்ற இரண்டு வரிக் குறிப்பும் மட்டுமே இருக்கும். வண்ண வண்ண வரைபடங்களில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. மாதம் தவறாமல் அனுப்பப்பட்டும் யாரும் திறக்காத சில அறிக்கைகளைக் கிளை மேலாளர்களிடம் கேட்டறிந்து நிறுத்தியிருக்கிறேன்; தயாரித்த அறிக்கைகளைப் போலவே நிறுத்தியவற்றையும் என் வேலையாகவே கருதுகிறேன்.

எக்செலும் மைஎஸ்க்யூஎல்லும் நான் அன்றாடம் புழங்குபவை. மேக்ரோக்களை எழுதவும் பிறர் எழுதியதைத் திருத்தவும் தெரியும். பவர் பி.ஐ. மென்பொருளில் விற்பனைக்கென ஒரு டாஷ்போர்டு அமைத்திருக்கிறேன். அதில் இன்னும் கற்க வேண்டியது உண்டு. பைத்தானை இதுவரை பணியில் பயன்படுத்தியதில்லை.

இப்போதைய நிறுவனத்தில் அறிக்கை தயாரிப்பது மட்டுமே என் பொறுப்பு. எந்தத் தரவை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும் என்று கிளைகளோடு பேசி முடிவெடுக்கும் இடம் தங்கள் அறிவிப்பில் உள்ள பணியில் இருக்கிறது. சுத்தம் செய்வதில் போகும் நேரத்தில் பாதி அங்கேயே மிச்சமாகும் என்பது என் அனுபவம். இந்தப் பணியை நான் விரும்புவதற்கு அதுவே முதல் காரணம்.

தாங்கள் விரும்பினால், பெயர்கள் நீக்கிய மாதிரித் தரவைக் கொடுத்து நேர்காணலின்போதே ஓர் அறிக்கையைத் தயாரிக்கச் சொல்லலாம். இப்போதைய பணியிலிருந்து விலக 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாத முடிவுக்குப் பிந்தைய முதல் மூன்று வேலை நாள்களைத் தவிர வேறு எந்த நாளிலும் நேர்காணலுக்கு வர இயலும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. மாதவி

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, கல்விச் சான்றிதழ்களின் நகல்கள், மாதிரி வார அறிக்கை (கற்பனைத் தரவுடன்)