நேர்காணல் முடிவில் நான் கேட்கப்போகும் கேள்விகள்

வியாழன் மாலை 4 மணி, இரண்டாம் சுற்று. பேமென்ட்ஸ் குழுவில் சீனியர் பேக்எண்ட் டெவலப்பர் வேலை. எதிரில் இருக்கப்போவது குழுவின் மேலாளர், அதாவது நான் தினமும் பதில் சொல்ல வேண்டியவர். பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதனால் முக்கியமானது முதலில்.

மேடம், இந்த இடம் புதிதாக உருவானதா, யாராவது விலகியதால் காலியானதா? விலகினார் என்றால், எவ்வளவு காலம் இருந்தார்? கம்பெனிக்குள்ளேயே வேறு குழுவுக்குப் போனாரா, வெளியே போய்விட்டாரா?

பதில் மழுப்பலாக வந்தால் விடக்கூடாது. கடந்த ஒரு வருடத்தில் இந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று நேராகவே கேட்டுவிட வேண்டும்.

அடுத்து ஆன்-கால், அதாவது வேலை நேரத்துக்கு வெளியேயும் கோளாறு வந்தால் எழுந்து பார்க்க வேண்டிய முறை. இதற்குத்தான் அதிக நேரம். போன வேலையில் "எப்போதாவது இருக்கும்" என்றார்கள், நம்பிச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்தேன். அதனால் "அதிகமா, குறைவா" என்று கேட்காமல் எண்ணிக்கையாகவே கேட்கிறேன்.

ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? போன மாதம் நள்ளிரவுக்குப் பிறகு எத்தனை முறை அழைப்பு வந்தது? அதில் உண்மையான கோளாறு எத்தனை, வெறும் அலர்ட் எத்தனை? ராத்திரி விழித்தவர் மறுநாள் தாமதமாகத் தொடங்கலாமா? அதற்கு ஈடாக விடுப்போ தனிப் பணமோ உண்டா?

வாடிக்கையாளரிடம் ஒரே கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டால், அதை முதலில் கண்டுபிடிப்பது உங்கள் கணக்குச் சரிபார்ப்பா, அவருடைய புகாரா? கடைசியாக அப்படி ஏதாவது பெரிதாக நடந்தபோது, அந்த புரோகிராம் கோட் எழுதியவருக்கு என்ன ஆனது? அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்?

இதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தப்பு செய்தவரின் பெயர் முதலில் வந்தால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, "இவரை எடுத்தது சரி" என்று நீங்கள் நினைக்க நான் எதை முடித்திருக்க வேண்டும்? தகுதிகாண் காலத்தில் அதை யார், எதை வைத்து மதிப்பிடுவார்கள்? சொன்ன தேதிக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால், வேலையைக் குறைப்பீர்களா, தேதியைத் தள்ளுவீர்களா, இல்லை வார இறுதியிலும் உட்காரச் சொல்வீர்களா? கடைசியாக எது நடந்தது?

சம்பளம், நோட்டீஸ் காலம், காப்பீடு எல்லாம் எச்ஆரிடம்.

நேரம் இருந்தால் மட்டும்: நீங்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இந்த வேலையில் உங்களைக் களைப்பாக்குவது எது?

அப்புறம் கடைசியாக: என் அனுபவத்தில் உங்களுக்கு ஏதாவது தயக்கம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள் மேடம், விளக்கிவிடுகிறேன். முடிவை எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம்?