பொருள்: ஆகஸ்ட் 23 பாம்புக்கடி பயிற்சி – ஒத்திகை நாட்கள், ஸ்லைடு கெடு, யார் பகுதியை யார் பார்ப்பது

அன்புள்ள மாலதி மேடம், ஸ்டெல்லா சிஸ்டர், முருகேசன் அண்ணன்,

வணக்கம். ஆகஸ்ட் 23 சனிக்கிழமை காலை 9.30 முதல் 11.00 வரை நமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள் என்று சுமார் 60 பேர் வருவார்கள். கீழே எழுதியிருப்பது என் யோசனைதான். டியூட்டி ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். வியாழன் (ஜூலை 31) இரவுக்குள் பதில் போட்டுவிடுங்கள்.

முதலில் நேரம். 90 நிமிடத்தில் 60 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி. மீதி 10 நிமிடம் தாமதமாகத் தொடங்குவதற்கு. அது எப்படியும் போய்விடும், அதனால் அதை நம்பி யாரும் ஸ்லைடு சேர்க்க வேண்டாம்.

1. முதலுதவி, ஆம்புலன்ஸில் கொண்டுவருதல் – முருகேசன் அண்ணன், 12 நிமிடம்
2. நான்கு பாம்புகள், அறிகுறிகள் – நான், 15 நிமிடம்
3. 20 நிமிட இரத்த உறைதல் சோதனை – ஸ்டெல்லா சிஸ்டர், 12 நிமிடம்
4. ஏ.எஸ்.வி., ஒவ்வாமை, ரெஃபர் செய்வது – மாலதி மேடம், 21 நிமிடம்

நான்கு பேர் பேசும் கூட்டத்தில் முன்னால் பேசுபவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் கூட எடுத்தால் கடைசியில் பேசுபவருக்கு ஒன்பது நிமிடம் போய்விடும். நம் வரிசையில் கடைசியில் இருப்பது ஏ.எஸ்.வி. அளவும், ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் போடுவதும். வருகிறவர்கள் திங்கட்கிழமை தங்கள் நிலையத்தில் செய்யப்போவது அதைத்தான். அந்த 21 நிமிடம் எந்தக் காரணத்துக்காகவும் குறையக் கூடாது என்பதை வைத்துத்தான் ஒத்திகைத் திட்டம் முழுவதையும் போட்டிருக்கிறேன்.

ஒத்திகைகள்

முதல் ஒத்திகை ஆகஸ்ட் 5 செவ்வாய் இரவு 8.30, ஒரு மணி நேரம், வீடியோ காலில். ஸ்லைடு இல்லாமல், வாயால் மட்டும். அவரவர் பகுதியை ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள், மற்ற மூவரும் கேட்போம். நோக்கம் ஒன்றே: ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொல்கிறோமா, இரண்டு பேரும் மாற்றிச் சொல்கிறோமா, யாருமே சொல்லாமல் விடுகிறோமா என்று பார்ப்பது. ஸ்லைடு போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால் அழிக்க யாருக்கும் மனசு வராது.

இப்போதே எனக்குத் தெரியும் இடம் ஒன்று உண்டு. "கட்டுப் போடாதீர்கள்" என்று அண்ணன் சொல்வார். ஆனால் வீட்டிலேயே இறுகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதை வழியில் திடீரென்று அவிழ்த்தால் தேங்கியிருக்கும் விஷம் ஒரேயடியாக உடம்பில் பரவி இரத்த அழுத்தம் விழலாம், மூச்சு நிற்கலாம். மருத்துவர் பக்கத்தில் இருக்க, மருந்தும் மூச்சுக்கு உதவும் கருவியும் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும். இதில் பாதி அண்ணனுடையது, பாதி மேடமுடையது. "வழியில் கை வைக்காதீர்கள், கட்டு இருக்கிறது என்று முன்கூட்டியே போன் செய்யுங்கள்" என்பதோடு அண்ணன் நிறுத்தினால், அவிழ்க்கும் முறையை மேடம் எடுத்துக்கொள்ளலாம். 5-ஆம் தேதி இதை முடிவு செய்வோம்.

இரண்டாவது ஒத்திகை ஆகஸ்ட் 17 ஞாயிறு காலை 10 முதல் 12.30 வரை, நம் மருத்துவமனைக் கூட்ட அறையில், நேரில். கடிகாரம் வைத்து முழுதாக ஒருமுறை, நடுவில் நிறுத்தாமல். குறிப்புகளை எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் பேசுவோம். அடுத்துப் பேசப்போகிறவர்தான் நேரம் பார்ப்பவர், ஏனென்றால் போவது அவருடைய நேரம். மேடம் பேசும்போது அண்ணன் பார்க்கட்டும். மூன்று நிமிடம் இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு அட்டை. சிவப்பு காட்டினால் அந்த வாக்கியத்தோடு முடித்துவிட வேண்டும். 23-ஆம் தேதியும் இதே அட்டைகள்தான். 15 வெள்ளி விடுமுறை என்பதால் ஊருக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலைக்குள் திரும்ப முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டெல்லா சிஸ்டருக்கு அந்த வாரம் நைட் டியூட்டி விழுந்தால் அதே நாள் மாலை 4 மணிக்கு மாற்றலாம். டியூட்டி முடித்த கையோடு வந்து நிற்க வேண்டாம்.

மூன்றாவது ஆகஸ்ட் 21 வியாழன் மாலை 5 மணி, விழா அரங்கிலேயே, 45 நிமிடம். பேச்சு கிடையாது. புரொஜெக்டர், மைக், ஸ்லைடு மாற்றும் ரிமோட், கடைசி வரிசையிலிருந்து எழுத்து தெரிகிறதா, இவ்வளவுதான். 22 வெள்ளி யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

ஸ்லைடு கெடு

ஆகஸ்ட் 2 சனி: ஒரு ஸ்லைடுக்கு ஒரு வரி என்று பட்டியல் மட்டும். 12 நிமிடத்துக்கு 8 ஸ்லைடு, 15-க்கு 10, 21-க்கு 14. அதற்கு மேல் போனால் படித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.
ஆகஸ்ட் 8 வெள்ளி இரவு 9: முழு ஸ்லைடு.
ஆகஸ்ட் 11 திங்கள்: பார்ப்பவர்களின் திருத்தங்கள்.
ஆகஸ்ட் 14 வியாழன்: திருத்திய ஸ்லைடு. நான் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடுவேன்.
ஆகஸ்ட் 19 செவ்வாய்: ஒத்திகையில் வந்த மாற்றங்கள்.
ஆகஸ்ட் 20 புதன்: பூட்டு. அதன் பிறகு தப்பான எண் ஒன்றைத் தவிர எதையும் தொட வேண்டாம்.

கோப்புப் பெயர் `paambu_3_v1.pptx` மாதிரி இருக்கட்டும்: நடுவில் பகுதி எண், கடைசியில் எத்தனையாவது வடிவம். "final", "final new" வேண்டாம்.

எழுத்துரு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பழைய ஸ்லைடிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். எல்லாரும் யூனிகோடில், Nirmala UI எழுத்துருவில் அடியுங்கள். உடல் எழுத்து 28-க்குக் குறைய வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஒரு வரியில் ஐந்தாறு சொல்தான் நிற்கும், அதற்கேற்பச் சுருக்குங்கள். வீடியோ வேண்டாம், படங்கள் போதும். நோயாளியின் முகம், பெயர், ஓ.பி. எண் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. சீட்டைப் படமெடுத்தால் எண்ணை வெட்டியெடுத்துவிடுங்கள். மேலே கறுப்புப் பெட்டி வைத்தால் நகர்த்தினால் தெரிந்துவிடும்.

யார் பகுதியை யார் பார்ப்பது

நீ என்னுடையதைப் பார், நான் உன்னுடையதைப் பார்க்கிறேன் என்று இரண்டு இரண்டு பேராக வைத்தால் இருவருமே விட்டுக்கொடுத்துவிடுவோம். அதனால் சுற்றி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

முருகேசன் அண்ணன் பகுதியை ஸ்டெல்லா சிஸ்டர் பார்க்கட்டும். நோயாளியை வாங்கிக்கொள்கிறவர் அவர்தானே. கடித்த நேரம், கட்டு, கொடுத்த மருந்து என்று ஆம்புலன்ஸிலிருந்து என்ன விவரம் வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

என் பகுதியை மாலதி மேடம். இரண்டு இடத்தை அழுத்திப் பாருங்கள் மேடம். ஒன்று, கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம், தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை தொங்கல் என்று வரலாம் என்பது தெளிவாக வந்திருக்கிறதா? இரண்டு, படங்கள். ஓநாய்ப் பாம்புக்கு விஷமில்லை, ஆனால் பார்த்தால் கட்டுவிரியன்தான். ஓநாய்ப் பாம்புக்கு வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கும், கட்டுவிரியனுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். என் படத்தில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஏ.எஸ்.வி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன், மேடம் மறுபடி சொல்ல வேண்டாம்.

ஸ்டெல்லா சிஸ்டர் பகுதியை நான் பார்க்கிறேன். 2 மி.லி. இரத்தம், சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி ட்யூப், 20 நிமிடம் அசைக்காமல், பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் ட்யூபிலோ சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபிலோ வைத்தால் நல்ல இரத்தமே உறையாமல் நிற்கும், தேவையில்லாத ஒருவருக்கு ஏ.எஸ்.வி. போய்விடும். இதற்கு ஒரு ஸ்லைடு முழுவதும் கொடுங்கள் சிஸ்டர். ஊற்றியவுடன் ஒன்று, உறைந்தது ஒன்று, உறையாதது ஒன்று என மூன்று படம் வேண்டும். "உறைந்தால் விஷம் இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாகம், கட்டுவிரியன் கடியில் இரத்தம் சாதாரணமாகவே உறையும்.

மாலதி மேடம் பகுதிக்கு இரண்டு பேர். எண்களை நான் பார்க்கிறேன், ரெஃபர் பகுதியை முருகேசன் அண்ணன். அண்ணன் தயங்குவார் என்று தெரியும். தயங்க வேண்டாம் அண்ணே. வண்டியில் யார் கூட வருவது, ஆம்புபேக் யார் பிடிப்பது, ரெஃபர் சீட்டில் ஏ.எஸ்.வி. தொடங்கிய நேரம் இருக்கிறதா என்று உங்களைவிட யாருக்கும் தெரியாது.

எண்களுக்கு ஒரு விதி. நான்கு பேரும் தேசிய சிகிச்சை வழிகாட்டி நெறிமுறையிலிருந்து மட்டும் எடுப்போம், பாடப்புத்தகத்திலிருந்து வேண்டாம். தொடக்க அளவு ஒரு ஸ்லைடில் "8–10 குப்பி", இன்னொன்றில் "10 குப்பி" என்று வந்தால் கேள்வி நேரம் முழுவதும் அதிலேயே போகும். சோதனையை எத்தனை மணிக்கு ஒருமுறை திரும்பச் செய்வது என்பதும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. அதை ஸ்டெல்லா சிஸ்டர் ஸ்லைடில் மட்டும் வைப்போம், மேடம் அதைச் சுட்டிக்காட்டினால் போதும். மருந்தளவை எப்போதும் மி.கி., மி.லி. இரண்டிலும் எழுதுங்கள்: பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது 1:1000 மருந்தில் 0.5 மி.லி., தசையில். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம். ".5" என்பதைக் கடைசி வரிசையில் இருப்பவர் 5 என்று படிப்பார். குழந்தைக்கும் ஏ.எஸ்.வி. பெரியவர் அளவேதான் என்பதையும், தோலில் சோதனை ஊசி போடக் கூடாது என்பதையும் தனித்தனி ஸ்லைடாக வையுங்கள் மேடம். இரண்டுக்கும் கட்டாயம் கேள்வி வரும்.

திருத்தம் சொல்கிறவர் "நன்றாக இருக்கிறது" என்று அனுப்ப வேண்டாம். ஸ்லைடு எண், என்ன தப்பு, என்னவாக மாற்றலாம் என்று மூன்றும் எழுதுங்கள். எண் தப்பு என்றால் 11-ஆம் தேதி வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

பதிலில் மூன்று விஷயம் போதும்: 17 காலையா மாலையா, 5-ஆம் தேதி இரவு 8.30 சரியா, பார்க்கக் கொடுத்திருக்கும் பகுதி சரியா. லேப்டாப், அட்டைகள், கோப்போடு இரண்டு பென்டிரைவ், பி.டி.எஃப். பிரதி ஆகியவற்றை நான் கொண்டுவருகிறேன். பழைய ஏ.எஸ்.வி. காலிக் குப்பி ஒன்றும், காலிக் கண்ணாடி ட்யூப் நான்கும் ஸ்டெல்லா சிஸ்டர் வார்டிலிருந்து எடுத்து வர முடியுமா என்று பாருங்கள்.

அன்புடன்,
இளங்கோ