தாயாரை இழந்த சக ஊழியருக்கு எழுதிய இரங்கல் கடிதம்

தக்கலை,
நவம்பர் 6.

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் தாயார் மறைந்த செய்தியை நேற்று மாலை அலுவலகம் விட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் அறிந்தேன். தபால் பார்க்கும் தம்பி படியிறங்கி வந்து, "அவங்களுக்க அம்மை தவறிட்டாவளாம், அடக்கமும் முடிஞ்சாச்சாம்" என்று சொன்னார். அந்த ஒரு வரிக்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை. துட்டி வீட்டுக்கு நேரில் வந்து நிற்க வேண்டிய நாள் எனக்குத் தெரியாமலேயே கடந்துவிட்டது. அந்தக் குறை என் மனத்தில் இருக்கிறது. என் ஆழ்ந்த இரங்கலைத் தங்களுக்கும், தங்கள் வீட்டார் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் நம் அலுவலகத்துக்கு மாறுதலில் வந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும், அருமனைப் பக்கம் வீடு என்பதைத் தவிர தங்கள் குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் தாங்கள் பாத்திரத்தைத் திறக்கும்போது மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் மீன்கறியும் சில நாட்களில் இருக்கும். எனக்கும் ஒரு பங்கு வைப்பீர்கள். அது யார் கைப்பக்குவம் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதை இப்போது ஊகித்து எழுதுவது முறையில்லை. ஆகவே, தாயாரை நான் அறிந்தவள்போலக் காட்டிக்கொண்டு, அவருடைய அன்பையும் பொறுமையையும் வழக்கமான சொற்களில் புகழ்ந்து இந்தக் கடிதத்தை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் பெயரோ வயதோ எனக்குத் தெரியாது. வீட்டில் அவரைத் தாங்கள் அம்மா என்று கூப்பிட்டீர்களா, நம் பக்கத்து வழக்கப்படி அம்மை என்று கூப்பிட்டீர்களா என்பதுகூடத் தெரியாது. அவர் தங்களைப் பெற்றவர் என்பது மட்டுமே தெரியும். இன்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இன்று காலை தங்கள் மேசையிலிருந்த கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை வாரிசுச் சான்று மனுக்கள். இறந்தவரின் பெயர், இறந்த தேதி, மனுதாரருக்கு அவர் என்ன உறவு என்று நாள்தோறும் படித்து, "தாய்" என்ற சொல் கண்ணில் பட்டதும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வருவாய் ஆய்வாளரின் அறிக்கையும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது நம் வேலை. எத்தனையோ ஆண்டுகளாக நானும் அப்படித்தான் புரட்டியிருக்கிறேன். இன்று முதல் மனுவிலேயே அந்தச் சொல் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

தாங்கள் திரும்பி வரும் நாளில் அந்தக் கோப்புகள் தங்கள் மேசையில் இருக்காது. மேலாளரிடம் சொல்லி, வாரிசுச் சான்று மனுக்களை அடுத்த சில வாரங்களுக்கு நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக என்னிடமுள்ள பட்டா மாறுதல் கோப்புகளைத் தாங்கள் பார்த்தால் போதும். அதுவும் தங்களால் முடியும்போது. மனு கொடுத்தவர்கள் தங்கள் கைப்பேசிக்கு அழைத்தால் எடுக்க வேண்டாம். விடுப்புக் கடிதத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்; வந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று மேலாளரே சொல்லிவிட்டார்.

எப்படி நேர்ந்தது என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. என் தாயார் இறந்தபோது, வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கேட்டார்கள். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரி மூச்சு முட்டியதிலிருந்து தொடங்கி முழுவதையும் ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேட்டவர்கள் அக்கறையில்தான் கேட்டார்கள், அதில் சந்தேகமில்லை. "வயசாச்சு, கொடுத்து வைத்த சாவு" என்று ஆறுதல் சொன்னவர்களும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அன்று என்னிடம் எதையும் கேட்காமல், அடுக்களையில் ஒரு பானை கட்டன்சாயாவைப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு மயினியைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். தூரத்தில் இருப்பதால் அந்த அளவுக்குக்கூட என்னால் இப்போது செய்ய முடியவில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதைத் தாங்களே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் துக்க வீட்டில் நாட்களை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடிவதில்லை. வீட்டில் இறந்திருந்தால் ஊரிலேயே பதிய வேண்டும். மருத்துவமனையில் என்றால் அந்த மருத்துவமனை இருக்கும் இடத்தில் பதிவாகும். எதுவானாலும் தங்கள் வீட்டிலிருந்து யாரேனும் ஒருவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, முன்னெழுத்து சரியா என்று பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஓர் எழுத்து மாறிப்போனதற்காக மனுதாரர்கள் எத்தனை முறை படியேறி இறங்குகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த அலைச்சல் தங்களுக்கு வரக்கூடாது. இப்போதே செய்ய வேண்டும் என்பதில்லை. பதினாறு நாள் கழிந்த பிறகானாலும் நேரம் இருக்கும்.

தங்கள் வீட்டு வழக்கப்படி அடுத்து நடக்க வேண்டிய சடங்குகள் என்ன, எந்த நாள் என்பது எனக்குத் தெரியாது. அலுவலகத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் வர நினைத்திருக்கிறோம். முன்னறிவிப்பில்லாமல் வந்து தங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. எந்த நாள் வரலாம் என்று தாங்களோ வீட்டில் ஒருவரோ ஒரு வரி அனுப்பினால் அன்று வருகிறோம். சொல்லாவிட்டால், இப்போது வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பிறகு வருகிறோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. வருகிறவர் போகிறவரைக் கவனிப்பதற்கிடையில் தாங்கள் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாளிலேயே என்னை அக்கா என்று அழைத்தீர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். தங்கள் தாயாரின் பெயரை நான் முதன்முதலாக ஒரு சான்றிதழில் படிக்க நேரலாம். அப்படி நேர்ந்தாலும், பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. மத்தியானம் நாம் சாப்பிட உட்காரும் ஏதோ ஒரு நாளில், பேச வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றினால், அவரைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்பதற்கு நான் பக்கத்து மேசையில் இருப்பேன்.

துயரில் பங்குகொள்ளும்,
தங்கள் அக்கா,
பட்டா மாறுதல் பிரிவு.