கறுப்புப் படம்

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மண்டபம் ஐஸ் கம்பெனியில் சத்தம் கொஞ்சம் அடங்கும். கம்ப்ரசர் மட்டும் ஓடும். மூணு மணிக்குப் படகுக்காரர்கள் வண்டியோடு வந்துவிட்டால் அதற்கப்புறம் கை ஓயாது. கேன் வரிசையைச் சங்கிலியில் தூக்கி, நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கட்டி இளகியதும் சாய்த்து விட வேண்டும். அம்பது கிலோக் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால் சேதுவுக்குப் படம் எடுக்கக் கிடைப்பது ஒன்றிலிருந்து மூணு வரைதான், அதிலும் மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து நோட்டில் எழுதிய நேரம் போக.

புத்தகம் அவனுடையது இல்லை. ஆப்பரேட்டர் முனியசாமி அண்ணனின் மகள் செல்வியுடையது, குரூப் 4 மாதிரி வினாத்தொகுப்பு. பகலில் அவள் படிக்கிறாள். ராத்திரி அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு அதையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வந்து, விடிந்ததும் திரும்ப எடுத்துப் போவார். செல்வியைச் சேது பார்த்ததே இல்லை.

"புத்தகத்துல ஒரு கோடு கூட விழக் கூடாதாம் தம்பி, சொல்லி விட்டிருக்கு" என்றார் முதல் நாள்.

"விழாதுண்ணே."

முதல் ராத்திரி எடுத்த இருபது படமும் வீணாய்ப் போயின. தொட்டிக் கூடத்துக் குளிரில் கிடந்த போனை நேரே கம்ப்ரசர் அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்து எடுத்திருந்தான். லென்ஸில் ஆவி பூத்திருந்தது தெரியவில்லை. உச்சிப்புளி தென்னந்தோப்புகள் கடக்கும்போது பஸ்ஸில் திறந்து பார்த்தால் எல்லாக் கேள்வியும் புகைக்குள் நின்றன. மறுநாளிலிருந்து போன் சட்டைப் பையிலேயே, உடம்புச் சூட்டில் இருந்தது. எடுப்பதற்கு முன் பனியன் நுனியால் லென்ஸை ஒரு துடை.

மற்றதையும் ஒவ்வொன்றாகத்தான் கண்டுபிடித்தான். முழுப் பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால், ஓடுகிற பஸ்ஸில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கியே கேள்வி நழுவிவிடும். பக்கத்தில் ரெண்டு பத்தி. ஒரு பத்தியை மேலே பாதி, கீழே பாதி என்று பிரித்து, போனை நிமிர்த்திப் பிடித்து, படத்துக்கு நாலு கேள்வி. ஒட்டுப்போட்ட புத்தகம் நடுவில் மேடாக எழும்பி உள்ளோரத்து எழுத்து வளையும். ரெண்டு பக்கமும் ஸ்பேனரை வைத்து அமுக்கினால் படியும், ஆனால் ஸ்பேனருக்கு அடியில் பழைய பேப்பர் கட்டாயம், கிரீஸ் பட்டால் தீர்ந்தது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் போன் நிழலே கேள்வி மேல் விழும். மேசையை ஒரு முழம் தள்ளிப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக்கொண்டான்.

விடைப் பக்கத்தைக் கடைசியில் எடுப்பான். அதற்கு முன்னால் லென்ஸை உள்ளங்கையால் பொத்தி ஒரு படம், வெறும் கறுப்பு. பஸ்ஸில் தள்ளிக்கொண்டே போகும்போது கறுப்பு வந்தால் விரல் நிற்க வேண்டும். அது இல்லாத நாட்களில், அடுத்த கேள்வி என்று தள்ளி விடையைப் பார்த்துவிட்டு, 'இது தெரிஞ்சதுதானே' என்று மனசு சொல்லும். விடையைப் பார்த்த பிறகு எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்தால் பாதி வராது.

ஆறு மணிக்கு வேலை முடியும். ஆறே காலுக்கு மேல் ராமநாதபுரம் பஸ். அங்கே இறங்கி, ஒரு டீ குடித்து, கீழக்கரை, ஏர்வாடி வழியாகப் போகிற சாயல்குடி பஸ். வீட்டில் அப்பத்தா தனியாக இருப்பதால் மண்டபத்தில் அறை எடுக்கவில்லை. வீடு சேர ஒன்பது ஆகிவிடும்.

பின் சக்கரத்து மேல் சீட் ஆகாது, எழுத்து குதிக்கும். நடு வரிசை, டிரைவர் பக்கத்து ஜன்னல். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வரை காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும், அந்தப் பக்கம் உட்கார்ந்தால் திரையில் தன் முகம்தான் தெரியும். கேள்வியை ஒரு தடவை படிப்பான், போனைத் தொடையில் கவிழ்த்து வைப்பான், வெளியே பார்த்துக்கொண்டு யோசிப்பான். குனிந்தே படித்தால் ராத்திரி கண் விழித்த வயிறு புரட்டும். விடையை உள்ளங்கையில் பேனாவால் எழுதுவான்: 41 இ, 42 அ. கறுப்புப் படம் வந்ததும் சரி பார்ப்பான். நாலும் சரியாக இருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுவான். ஒன்று தப்பினாலும் படம் இருக்கும், நாளைக்கும் வரும்.

அப்படி ஒரு படம் எட்டு நாளாகப் போகாமல் இருந்தது. 43-ம் கேள்வி. 'ஓர் அசல் தனிவட்டியில் 8 ஆண்டுகளில் இரு மடங்காகிறது எனில், எத்தனை ஆண்டுகளில் நான்கு மடங்காகும்?' 16, 24, 32, 12. எட்டு வருஷத்தில் இரண்டு, இன்னும் எட்டு வருஷத்தில் அதுவும் இரட்டித்து நாலு. பதினாறு. விடைப் பக்கத்தில் இருபத்து நாலு. அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தான். விடையை உருப்போட்டு அழித்திருக்கலாம். எண் மாற்றிக் கேட்டால் மறுபடி விழுவோம் என்று அழிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஏர்வாடி தாண்டி, பனங்காடு தொடங்குகிற இடத்தில், போன் தொடையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பத்தாவின் பாம்படம் அடகுக்குப் போன கதை ஞாபகம் வந்தது. 'மாசம் தவறாம கட்டுனா வட்டிக்கு வட்டி கிடையாது, கட்டாம விட்டாத்தான் வட்டி குட்டி போடும்' என்பாள். வட்டி குட்டி போடாது. அதுதானே தனிவட்டி! எட்டு வருஷத்தில் வருகிற வட்டி ஓர் அசல். அடுத்த எட்டிலும் அதே ஓர் அசல்தான், ஏறாது. பதினாறில் மூணு மடங்குதான் ஆகும். நாலு மடங்காக வட்டி மட்டும் மூணு அசல் வர வேண்டும், மூவெட்டு இருபத்து நாலு. பதினாறு என்பது கூட்டு வட்டிக்கு.

சாயல்குடியில் இறங்குவதற்குள் எண்ணை மாற்றி மாற்றி நாலு தடவை போட்டுப் பார்த்தான். 5 வருஷத்தில் இரட்டித்தால் ஐந்து மடங்காக 20. படத்தை அழித்தான்.

அன்று ராத்திரி அடுத்த பக்கங்களை எடுக்கப் புத்தகத்தைப் பிரித்தபோது 43-ம் கேள்வி ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், பென்சிலில் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில் 16. அழித்த தடம், அதன் மேல் மறுபடியும் 16.

சேது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஐஸ் லோடு எழுதுகிற சீட்டில் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினான்.

'தனிவட்டி குட்டி போடாது. 8 வருசத்துக்கு வட்டி = 1 அசல். 4 மடங்குன்னா வட்டி 3 அசல். 8 × 3 = 24.'

"அண்ணே, புத்தகத்துல எழுதல. சீட்டு ஒண்ணு வச்சிருக்கேன்."

முனியசாமி அண்ணன் கண்ணாடியை ஏற்றி ரெண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து, அதே பக்கத்தில் வைத்து, பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ராத்திரி ஒரு மணிக்குப் பை மேசைக்கு வந்தது. ஓரத்தில் 16 இல்லை, சுத்தமாக ரப்பரால் அழித்திருந்தது. சேதுவின் சீட்டும் இல்லை. அந்த இடத்தில் நோட்டுத்தாள் துண்டு ஒன்று.

'புரிஞ்சது. 58 எங்களுக்கு வந்துருச்சு, உங்களுக்கு வருதா? விடை பாக்காம போடுங்க. வழி பின்னாடி எழுதியிருக்கேன்.'

சேது துண்டைத் திருப்பவில்லை. 58 இருக்கிற பாதிப் பத்தியைப் படம் எடுத்தான். உள்ளங்கையால் லென்ஸைப் பொத்தி ஒரு கறுப்புப் படம். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்தான்.

வெளியே முதல் வண்டி ஹாரன் அடித்தது.