யாழினியின் காலக்கணக்கு: ஜனவரி 2026 முதல் செப்டம்பர் 2027 வரை

4 ஜனவரி 2026, ஞாயிறு

யாழினி, உன் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் பற்றி நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் பேசியதை எல்லாம் மாத வரிசையில் எழுதியிருக்கிறேன். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள். பணம் பற்றிய பகுதி அக்காவுக்கும் அத்தானுக்கும்.

உன் பட்டியல்: இயந்திரப் பொறியியல் நோக்கில் கேம்பிரிட்ஜ், இம்பீரியல், பிரிஸ்டல், ஷெஃபீல்டு, மான்செஸ்டர். அமெரிக்காவில் யூசி எனப்படும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும். ஆஸ்திரேலியா மாற்று ஏற்பாடு. இங்கே சிங்கப்பூரில் என்யூஎஸ், என்டியூ.

பெரிய சிக்கல் ஒன்றுதான். வெளிநாட்டுத் தேதிகளில் முக்கியமானவை எல்லாம் உன் ஏ லெவல் தேர்வு மாதங்களின் மேலேயே வந்து விழுகின்றன. அக்டோபரில் உனக்கு பிராக்டிகல், நவம்பரில் எழுத்துத் தேர்வு. அதனால் அக்டோபர் வேலையை ஜூன் விடுமுறைக்கு இழுத்துவிட வேண்டும். கீழே உள்ள கணக்கு முழுக்க அந்த ஒரு காரணத்துக்காகப் போட்டது.

பிப்ரவரி, மார்ச் 2026: பெயரும் பாஸ்போர்ட்டும்

உன் பாஸ்போர்ட்டை எடுத்தபோது உனக்கு 13 வயது. 16 வயதுக்குக் குறைவானவர்களுக்கு ஐந்து வருடம்தான் தருவார்கள். அது இந்த நவம்பரில் முடிகிறது, சரியாகத் தேர்வு நடுவில். மார்ச் விடுமுறை வாரத்தில் ஐசிஏ தளத்தில் புதுப்பித்துவிடு. இந்தத் தடவை பத்து வருடத்துக்குக் கிடைக்கும், படிப்பு முடியும் வரை கவலை இல்லை. பாஸ்போர்ட் எண் மாறிவிடும், அதனால் புதியது கையில் வந்த பிறகுதான் எந்தத் தேர்வுக்கும் பதிவு.

அடுத்து பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள தொல்லை இது. உன் பாஸ்போர்ட்டில் இருப்பது `YAZHINI D/O SENTHILKUMAR`. வெளிநாட்டுப் படிவம் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு அது கிடையாது. சில படிவம் அந்தச் சாய்வுக்கோட்டையே ஏற்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவதா, விடுவதா என்று ஒவ்வொரு இடத்திலும் புதிதாக யோசித்தால் நான்கு படிவத்தில் நான்கு யாழினி இருப்பாள். இன்றே முடிவு செய்: முதல் பெயர் `YAZHINI`, குடும்பப் பெயர் `SENTHILKUMAR`. சாய்வுக்கோட்டை ஏற்காத இடத்தில் `DO` என்று சேர்த்து எழுதாதே, விட்டுவிடு. "பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர்" என்று கேட்டால் மட்டும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே. எதை எங்கே எப்படிக் கொடுத்தாய் என்று ஒரு தாளில் குறித்து வை.

நான் மேல்படிப்புக்குப் போகும்போது ஆங்கிலத் தேர்வுக்கு என் பெயரை மட்டும் போட்டுப் பதிவு செய்தேன். பாஸ்போர்ட்டில் `S/O` வைத்து அப்பா பெயரும் இருந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டணம் போச்சு, அடுத்த இடம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. உன் அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அமெரிக்க நுழைவுத் தேர்வான எஸ்ஏடி எழுத வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. உன் தோழிகள் எழுதுகிறார்கள் என்பது காரணம் ஆகாது. பட்டியலில் எம்ஐடி மாதிரி ஏதாவது சேர்த்தால் மட்டும் அப்புறம் பேசுவோம், அங்கே அது கட்டாயம்.

மே கடைசி முதல் ஜூன் வரை: விடுமுறை

நான்கு வாரம். இதில் இரண்டு வாரம் பாடம், இரண்டு வாரம் எழுத்து என்று பிரித்துக்கொள்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸில் கணக்கைத் திறந்துவிடு. ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான் போட முடியும். உன் பழைய சீனியர்கள் கொடுத்த ஒற்றைக் கட்டுரை மாதிரிகளைத் தூக்கிப் போடு. 2026 நுழைவிலிருந்து அந்த முறை போய்விட்டது. இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், பள்ளிப் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றும் குறைந்தது 350.

மூன்றாவது கேள்வியில் நடனப் பள்ளி, சமூகச் சேவை எல்லாம் அடுக்கத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியது பொறியியல். தாத்தாவின் பழைய தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பெல்ட்டை மாற்றினாயே, அதை எழுது. முதலில் ஏன் தப்பாக மாட்டினாய் என்பதையும் எழுது.

ஜூன் முடிவதற்குள் முதல் வரைவு எனக்கு வர வேண்டும். பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் பள்ளி மூடும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடு.

ஜூலை, ஆகஸ்ட்: ஈசாட்

கேம்பிரிட்ஜுக்கும் இம்பீரியலுக்கும் பொறியியலுக்கு ஈசாட் நுழைவுத் தேர்வு. உனக்கு மூன்று பகுதி: கணிதம் 1, கணிதம் 2, இயற்பியல். ஒவ்வொன்றிலும் 40 நிமிடத்தில் 27 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. பாடம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை, உன் கை கால்குலேட்டருக்குப் பழகிவிட்டது. தினமும் காலை எம்ஆர்டியில் பத்துக் கேள்வி, மனக்கணக்காகவே போடு.

ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் எழுதலாம். கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் தேர்வுதான் செல்லும், ஜனவரித் தேர்வு செல்லாது. பதிவு திறந்ததும் முதல் வாரமே இடம் பிடி. பிராக்டிகல் தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடி.

ஆகஸ்ட் கடைசியில் பிரிலிம் தொடங்கிவிடும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஏ லெவலில் உனக்கு என்ன தரம் வரும் என்று பள்ளி கணித்து எழுதும். பிரிலிம் முடியும் வரை விண்ணப்பத்தைத் தொடாதே.

அக்டோபர் 2026

கேம்பிரிட்ஜுக்கு யூகாஸ் கெடு 15 அக்டோபர், வியாழன், லண்டன் நேரம் மாலை 6 மணி. நம் நேரத்துக்கு வெள்ளி அதிகாலை 1 மணி. அதை நம்பாதே. நம் கெடு 5 அக்டோபர், திங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன். பள்ளிப் பரிந்துரையும் உன் விண்ணப்பத்தோடு சேர்ந்துதான் போகும், ஆசிரியர் பக்கம் தாமதமானால் நீ ஒன்றும் செய்ய முடியாது. மற்ற நான்கு இடங்களுக்கு ஜனவரி நடு வரை நேரம் உண்டு. ஆனாலும் ஐந்தையும் ஒன்றாகவே அனுப்பு, ஜனவரிக்கு எதையும் வைக்காதே.

அனுப்பியதும் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொரு படிவம் மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பார். அதற்குத் தனிக் கெடு, ஒரு வாரம்தான் இடைவெளி.

கலிஃபோர்னியா படிவம் அக்டோபர் முதல் நவம்பர் 30 வரை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து தலா 350 சொல். ஆசிரியர் பரிந்துரை கேட்க மாட்டார்கள். இந்த நான்கையும் ஜூனிலேயே எழுதி முடித்திருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் அமெரிக்காவை விட்டுவிடலாம், நான் கோபப்பட மாட்டேன். தேர்வு நடுவில் உட்கார்ந்து எழுதுவது மட்டும் வேண்டாம்.

நவம்பர்

தேர்வு. தீபாவளி 8 நவம்பர், ஞாயிறு. காலையில் எண்ணெய்க் குளியல், கோயில், பாட்டி வீடு, மதியம் 3 மணிக்கு வீடு. வேறு எதுவும் எழுதவில்லை.

டிசம்பர், ஜனவரி 2027

கேம்பிரிட்ஜ் கூப்பிட்டால் நேர்காணல் டிசம்பரில், இணையம் வழியாக. வாய்விட்டுக் கணக்குப் போட வேண்டும். மௌனமாக யோசித்து விடை மட்டும் சொல்வது உன் பழக்கம், அது அங்கே உதவாது. நவம்பர் கடைசியிலிருந்து வாரம் இரண்டு நாள் என்னிடம் வா, வெள்ளைப் பலகை வாங்கி வைக்கிறேன். முடிவு ஜனவரி கடைசியில் வரும், பொங்கலும் தைப்பூசமும் கழிந்த பிறகு.

பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை

ஏ லெவல் முடிவு. இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் மாணவர்கள் ஆகஸ்ட் வரை முடிவுக்குக் காத்திருப்பார்கள். நீ பிப்ரவரியிலேயே மதிப்பெண் தாளை அனுப்பி, இடம் தரும்போது போட்ட மதிப்பெண் நிபந்தனையை நீக்கச் சொல்லலாம்.

என்யூஎஸ், என்டியூ விண்ணப்பம் மார்ச் நடுவில் மூடிவிடும். வெளிநாட்டு இடம் கையில் இருந்தாலும் போட்டே ஆக வேண்டும். அத்தான் இதைக் கவனிக்கட்டும்.

ஆஸ்திரேலியா இப்போதுதான். முக்கிய நுழைவு பிப்ரவரி, ஜூலை இரண்டும். உனக்கு ஜூலை. விசாக் கட்டணம் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர், ஒரு வருடச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். பிரிட்டனில் இடம் உறுதியானால் இதைத் தொடவே வேண்டாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: அக்காவுக்கும் அத்தானுக்கும்

கலிஃபோர்னியா பதில் சொல்லும் கடைசி நாள் 1 மே. யூகாஸில் உறுதி ஒன்று, மாற்று ஒன்று என இரண்டைப் பிடிக்கலாம்.

அத்தான், சிபிஎஃப் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. நேற்று நீங்கள் அதை நம்பித்தான் கணக்குப் போட்டீர்கள். சேமிப்பு, வங்கிக் கடன் இரண்டுதான் வழி.

பிரிட்டிஷ் விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தில் பாக்கி உள்ள தொகை, அதோடு ஒன்பது மாதச் செலவு கணக்கில் இருக்க வேண்டும். இன்றைய அளவில் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மொத்தம் 13,761. லண்டனுக்கு வெளியே மாதம் 1,171, மொத்தம் 10,539. தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்கக் கூடாது. சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்கள் வங்கித் தாளை முதலிலேயே இணைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் கொடுக்க வேண்டும், அதனால் பணம் இருந்தே ஆக வேண்டும். நடுவில் கார் சீஓஈ புதுப்பிக்க எடுத்துவிடாதீர்கள்.

மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, மொத்தமாக முன்கூட்டியே. நான்கு வருடப் படிப்புக்கு விசா சில மாதம் கூடுதலாக வரும், எனவே நாலரை வருடக் கணக்கில் 3,492 பவுண்டு. பலர் இதை மறந்துவிட்டு விசாப் பக்கத்தில் கடைசி நிமிடத்தில் வியர்ப்பார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் 2027

பல்கலைக்கழகம் சேர்க்கை உறுதி எண் கொடுத்ததும் விசா. படிப்பு தொடங்க ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு. ஜூலை முதல் வாரம் போட்டுவிடு.

அமெரிக்கா என்றால் வேறு வரிசை: பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சேர்க்கைப் படிவம் வந்ததும் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், பிறகு டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டாலர், நேப்பியர் ரோடு தூதரகத்தில் நேர்காணல். சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்வார்கள். வகுப்புக்கு 30 நாளுக்கு முன் உள்ளே நுழைய முடியாது.

செப்டம்பர் 2027

விமான டிக்கெட் விசா வந்த பிறகு. பிரிட்டன் என்றால் பிளக் அடாப்டர் வாங்காதே, அங்கேயும் நம் மூன்று முள் பிளக்தான். ரைஸ் குக்கர் அப்படியே வேலை செய்யும். விடுதி அறையில் அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள், இல்லையென்றால் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம்.

சின்ன மாமா